காலைல ஜிம், மதியம் 12 வரைக்கும் பாஸ்டிங்: எடை குறையுது, ஆனா பெஞ்ச்சும் ஸ்குவாட்டும் சேர்ந்து குறையுதே?

காலை5மணி

வணக்கம் நண்பர்களே. வயசு 34, உயரம் 172 செமீ, ஊரு கோவை, காலைல எட்டரைக்கு வேலைக்கு போயி சாயங்காலம் அஞ்சரைக்கு முடியும், வீட்டுக்கு வர ஆறு ஆயிரும். பத்து வாரமா 16:8 பண்றேன், மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும்தான் சாப்பாடு, மத்த நேரம் தண்ணி, சக்கரை போடாத கட்டங்காப்பி அவ்வளவுதான். 81 கிலோல இருந்து 76 வந்துட்டேன், இடுப்பு 38 இன்ச்ல இருந்து 36.5. இது வரைக்கும் சந்தோஷம்தான்.

பிரச்சினை என்னன்னா ஜிம் காலைல 5:45ல இருந்து 7 வரைக்கும். ஆரம்பிக்கறப்ப பெஞ்ச் 75 கிலோ 5 ரெப் போட்டுட்டு இருந்தேன், இப்ப 67.5 தான் 5 வருது. ஸ்குவாட் 100ல இருந்து 90க்கு வந்துருச்சு, போன வாரம் ஸ்குவாட் முடிச்சு பாரை ரேக்ல வெச்சதும் கண்ணு இருட்டிட்டு வந்து அப்படியே கம்பிய புடிச்சு நின்னுட்டேன், பக்கத்துல இருந்த தம்பிதான் பெஞ்ச்ல உக்கார வெச்சாரு. மசில் போயிட்டு இருக்கா? பாஸ்டிங் நிறுத்தணுமா? நிறுத்துனா எடை ஏறிருமோன்னு பயமா இருக்குங்க. பண்றவங்க சொல்லுங்க.

விண்டோ18

ப்ரோ நிறுத்தாதீங்க. உடம்பு இன்னும் கொழுப்புக்கு மாறலை, அதான் இப்படி. நான் ஒண்ணரை வருஷமா 18:6. வெறும் வயித்துல ஒர்க்அவுட் பண்ணா நேரா கொழுப்புதான் எரியும், சாப்பிட்டுட்டு பண்ணா சாப்பிட்டதுதான் எரியும். அதுவும் போக 16 மணி நேரம் தாண்டுனாதான் செல்லு தன் பழைய கழிவைத் தானே தின்னு சுத்தம் பண்ற ஆட்டோஃபேஜி ஸ்டார்ட் ஆகும், அந்த கடைசி ரெண்டு மணி நேரம்தான் தங்கம். உப்பு கொஞ்சம் தண்ணில கலந்து குடிச்சுட்டு ஜிம் போங்க, கண்ணு இருட்டறது நிக்கும்.

பழைய பயில்வான்

தம்பி, எனக்கு வயசு 52. காலை டிபன் சாப்பிடற பழக்கம் காலேஜ் காலத்துல இருந்தே எனக்கு கிடையாது, பசிக்கவே பசிக்காது. ஒரு மணிக்கு முழு சாப்பாடு, நாலரைக்கு மூணு முட்டை ஒரு வாழைப்பழம், ஆறு மணிக்கு ஜிம், எட்டரைக்கு மறுபடி நல்ல சாப்பாடு. பல வருஷமா இப்படித்தான் போகுது, இன்னைக்கும் 120 கிலோ டெட்லிஃப்ட் எடுக்கறேன். அப்ப இதுக்கு பேரெல்லாம் கிடையாது. அதனால பாஸ்டிங்னால பலம் போகும்னு நான் ஒத்துக்க மாட்டேன். வேற எங்கயோ தப்பு இருக்கு, நீங்க எவ்வளவு தூங்கறீங்க?

உணவுக்கணக்கு

நான் மதுரைல டயட்டீஷியனா இருக்கேன், விளையாட்டுப் பிள்ளைங்களோட அதிகமா வேலை பார்த்திருக்கேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன்.

ஒண்ணு, நேத்து என்ன சாப்பிட்டீங்க? நல்ல நாள் சாப்பாட்டைச் சொல்லாதீங்க, நேத்து சாப்பிட்டதை அளவோட எழுதுங்க. பாஸ்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காலைல ஜிம் முடிஞ்சு என்ன சாப்பிட்டுட்டு இருந்தீங்கன்னும் சேர்த்து எழுதுங்க.

ரெண்டாவது, எடை எந்த செட்ல விழுது? முதல் செட்லயே பழைய வெயிட் ஏற மாட்டேங்குதா, இல்ல முதல் செட் பரவாயில்லாம போய் மூணாவது நாலாவது செட்ல பொத்துன்னு விழுதா?

பயில்வான் அண்ணே, நீங்க சொன்னது சரிதான், ஆனா உங்க ஜிம் ஆறு மணிக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கீங்க, முடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல மறுபடி சாப்பிடறீங்க. இவரு நிலைமை அதுக்கு நேர் எதிர்.

காலை5மணி

தூக்கம் ஆறு மணி நேரம் வரும் அண்ணே, சில நாள் அஞ்சரை.

அக்கா, நேத்து: மதியம் 12:45க்கு வீட்டு டிபன் கேரியர்ல சாதம் ஒண்ணரை கப், சாம்பார், பீன்ஸ் பொரியல், அவிச்ச முட்டை 2, தயிர் ஒரு சின்ன கிண்ணம். நாலரைக்கு டீ, ஒரு கை வேர்க்கடலை. 7:45க்கு சப்பாத்தி 3, வெஜ் குருமா. வாரத்துல மூணு நாள் ராத்திரி சிக்கன் இருக்கும், நாலஞ்சு பீஸ்.

முன்னாடி காலைல ஜிம் விட்டு வந்ததும் முட்டை 3, பால் ஒரு டம்ளர், இட்லி நாலு இல்லன்னா தோசை ரெண்டு சாப்பிடுவேன். மதியம் ராத்திரி இப்ப இருக்கறதேதான். கூட ராத்திரி பத்து மணிக்கு டிவி பார்த்துட்டே மிக்சர், பிஸ்கட் போகும், அது இப்ப சுத்தமா நின்னுருச்சு.

செட் விஷயம்: பெஞ்ச்ல முதல் செட் 70 கூட மூக்கைப் புடிச்சு 5 போட்டுருவேன், மூணாவது செட்ல 3 ரெப்லயே கை நின்னுரும். ஸ்குவாட்ல ரெண்டாவது செட்லயே காலு தண்ணி மாதிரி ஆயிருது.

உணவுக்கணக்கு

நல்லா எழுதியிருக்கீங்க, இதுலயே பாதி பதில் இருக்கு.

நேத்து சாப்பாட்டுல புரோட்டீன் கூட்டிப் பார்க்கலாம், எல்லாம் தோராயம்தான். சாதம் 6 கிராம், சாம்பார் 6, முட்டை ரெண்டும் 12, தயிர் 4, ஆக மதியம் 28. டீயும் கடலையும் சேர்த்து 10. ராத்திரி சப்பாத்தியும் குருமாவும் 14. மொத்தம் 52. சிக்கன் இருக்கற நாள்ல 80 வரும். வெயிட் தூக்கற ஆளுக்கு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் வரைக்கும் புரோட்டீன் போனா பலன் இருக்கு, அதுக்கு மேல பெருசா இல்லைன்னு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவங்க சொல்றாங்க. உங்க 76 கிலோவுக்கு அது 120 பக்கம் வருது. நீங்க வாரத்துல நாலு நாள் அதுல பாதி கூட சாப்பிடலை.

இப்ப பழைய காலை டிபனைப் பாருங்க. முட்டை 18, பால் 8, இட்லி 8, ஆக 34 கிராம். உங்க நாள்லயே புரோட்டீன் அதிகமா இருந்த சாப்பாடு அதுதான். சாப்பிடற நேரத்தை, அதாவது விண்டோவை, 12க்கு வெச்சதும் அந்த சாப்பாடு அப்படியே போயிருச்சு, மதியமும் ராத்திரியும் அதை ஈடு கட்டலை. மிக்சர் பிஸ்கட் போனது லாபம், முட்டை போனது நஷ்டம், ரெண்டும் ஒரே நாள்ல நடந்ததால தராசு லாபத்தை மட்டும் காட்டுது.

2020ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, 116 பேரு, 12 வாரம், பாதி பேருக்கு உங்களை மாதிரியே மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும்தான் சாப்பாடு. மூணு வேளை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் எடையில பெரிய வித்தியாசமே வரலை. ஆனா உடம்பை ஸ்கேன் பண்ணிப் பார்த்தவங்கள்ல பாஸ்டிங் கூட்டத்துக்கு குறைஞ்ச எடையில பாதிக்கு மேல கொழுப்பு இல்லாத சதைப் பகுதி. அவங்க யாரையும் வெயிட் தூக்கச் சொல்லலை, புரோட்டீன் இவ்வளவுன்னும் சொல்லலை, சாப்பிடற நேரத்தை மட்டும்தான் மாத்தச் சொன்னாங்க.

அதுக்கு முன்னாடி 2016ல இத்தாலிக்காரங்க பண்ணது வேற மாதிரி. ஏற்கெனவே வெயிட் தூக்கிப் பழகின 34 ஆம்பளைங்க, 8 வாரம். பாஸ்டிங் கூட்டம் மதியம் 1, சாயங்காலம் 4, ராத்திரி 8னு மூணு தடவை சாப்பிட்டாங்க, புரோட்டீன் கிலோவுக்கு 1.9 கிராம் பக்கத்துல, ஒர்க்அவுட் சாயங்காலம். கொழுப்பு குறைஞ்சது, தசையும் பலமும் அப்படியே நின்னுச்சு. பயில்வான் அண்ணன் பல வருஷமா பண்ணிட்டு இருக்கறது கிட்டத்தட்ட இதேதான். ஆனா அந்த ஆய்வுலயே அவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு கொஞ்சம் இறங்கினதையும் மறைக்காம சொல்லணும், 8 வாரத்துல அது பலத்தை பாதிக்கலை, ரொம்ப நாள் பண்ணா என்னன்னு அந்த ஆய்வை வெச்சு சொல்ல முடியாது.

உங்க நேரத்தைப் பாருங்க. ராத்திரி 8க்கு கடைசி வாய், காலை 5:45க்கு ஜிம், மறுபடி சோறு 12:45க்கு. கிட்டத்தட்ட 17 மணி நேரம் தசைக்கு ஒண்ணும் போகலை, அதுக்கு நடுவுல நீங்க அதை கிழிச்சு வேலை வாங்கியிருக்கீங்க. சாப்பிட்டுட்டு ஒர்க்அவுட் பண்றவங்களுக்கு அரை மணி நேரத்துல ஷேக் குடிச்சே ஆகணும்ங்கற அவசரம் எல்லாம் கிடையாது. வெறும் வயித்துல பண்றவங்களுக்கு மட்டும்தான் அது நிஜமாவே முக்கியம்.

செட் பத்திக் கேட்டது எதுக்குன்னா, முதல் செட் நின்னு பின்னாடி செட் விழுந்தா பெரும்பாலும் எரிபொருள், தூக்கம், தண்ணி இதுல ஏதோ குறை. முதல் செட்லயே பழைய வெயிட்டைத் தொட முடியலைன்னா தசை கொஞ்சம் போயிருக்கலாம். உங்களுக்கு ரெண்டும் கலந்திருக்கு, ஆனா எரிபொருள் பக்கம்தான் அதிகம்னு தோணுது.

விண்டோ18

அக்கா மரியாதையா சொல்றேன், ஆனா புரோட்டீனை 12-8க்குள்ளயே ஏத்திக்கலாமே, அதுக்கு ஏன் விண்டோவை உடைக்கணும்? நான் 18:6ல 130 கிராம் சாப்பிடறேன். ஆட்டோஃபேஜிக்கு 2016ல நோபலே குடுத்திருக்காங்க. காலைல முட்டை சாப்பிட்டா அது எல்லாம் போச்சு.

உணவுக்கணக்கு

ஏத்திக்கலாம், நீங்க சொல்றது தப்பில்லை. 130 கிராமை ஆறு மணி நேரத்துல சாப்பிட உங்களால முடியுது. இவருக்கு டிபன் கேரியர்ல வர்றது சாதமும் சாம்பாரும், ராத்திரி குடும்பத்தோட சப்பாத்தி. ரெண்டு சாப்பாட்டுல 120 கிராம்னா வேளைக்கு 60, அதாவது ஒரே உக்காருல பத்து முட்டை கணக்கு.

ஆட்டோஃபேஜி பத்தி ஒண்ணு சொல்லிடறேன். 2016ல ஓசுமிக்கு நோபல் குடுத்தது உண்மை, அது எப்படி நடக்குதுன்னு அவரு கண்டுபிடிச்சது ஈஸ்ட் செல்லுல. மனுஷ உடம்புல சரியா 16வது மணி நேரத்துல அது ஆரம்பிக்குதுன்னு யாரும் அளந்து சொன்னதில்லை. அது சுவிட்சு போட்ட மாதிரி எரியறதும் இல்லை, எப்பவும் கொஞ்சம் நடந்துட்டே இருக்கும், உடற்பயிற்சி பண்ணாலும் கூடும். அதை நம்பி ஜிம்முக்கு அப்புறம் ஆறு மணி நேரம் பட்டினி இருக்கறது எனக்குச் சரியாப் படலை.

வெறும் வயித்துல பண்ணா கொழுப்பு எரியும்ங்கறது அந்த ஒரு மணி நேரத்துக்கு சரி. 2014ல 20 இளம் பெண்களை வெச்சு நாலு வாரம் பார்த்தாங்க, பாதி பேர் வெறும் வயித்துல கார்டியோ, பாதி பேர் சாப்பிட்டுட்டு, கலோரி ரெண்டு பக்கமும் குறைச்ச சாப்பாடு. கடைசில கொழுப்பு குறைஞ்சதுல வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனா நான் பார்க்கற ஆளுங்ககிட்டயும் அப்படித்தான் இருக்கு, காலைல எரிஞ்சதை உடம்பு மிச்ச நேரத்துல சரிக்கட்டிடும்.

மலைக்கோட்டை

ரொம்ப பயனுள்ள விவாதம். என் அப்பாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு, காலைல வாக்கிங் போயிட்டு வந்து வீட்டுலயே டம்பெல் பண்றாரு. யூடியூப் பார்த்துட்டு ஏகாதசி விரதம் மாதிரி தினமும் மதியம் வரைக்கும் சாப்பிடாம இருக்கப் போறேன்னு சொல்றாரு. மேடம் சொன்ன 1, 4, 8 நேரம் அவருக்கு ஒத்து வருமா? மாத்திரை கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது, காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போடறாரு.

உணவுக்கணக்கு

தம்பி, முதல்ல அவரை நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் மிச்சத்தைப் பேசலாம். கிளிமிபிரைடு நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வெக்கும். அதைப் போட்டுட்டு வெறும் வயித்துல வாக்கிங்கும் டம்பெல்லும் பண்ணா சுகர் தாழ்ந்து வேர்த்து, கை நடுங்கி, விழுந்துடலாம். மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு அந்த ஆபத்து ரொம்பக் கம்மி. இன்சுலின் போடறவங்களுக்கும் இதே பயம் உண்டு, டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு பட்டினில வேற மாதிரி சிக்கல் வரும். பாஸ்டிங் அவருக்கு ஆகவே ஆகாதுன்னு நான் சொல்லலை, மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர் அளவையும் நேரத்தையும் மாத்தாம ஒரு நாள் கூட ஆரம்பிக்கக் கூடாது. இங்க பேசறது எதையும் அப்படியே அவருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

மெரினா ஓட்டம்

நான் வெயிட் தூக்கறவ இல்லை, ஓடறவ, ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியலை. வயசு 27. ஹாஃப் மாரத்தானுக்கு வாரம் 50 கிலோமீட்டர் ஓடிட்டு இருந்தப்ப ரெண்டு கிலோ குறைஞ்சா டைமிங் நல்லா வரும்னு 16:8 ஆரம்பிச்சேன். காலைல 5 மணிக்கு ஓட்டம், ஒரு மணிக்குதான் சாப்பாடு. முதல் மாசம் சூப்பரா இருந்துச்சு, ரெண்டாவது மாசம் பீரியட்ஸ் வரலை, ஓடறதால தள்ளிப் போகுதுன்னு நினைச்சேன், கூட ஓடற ரெண்டு பேர் அது சாதாரணம்னு சொன்னாங்க. நாலாவது மாசமும் வரலை. அப்புறம் முழங்காலுக்குக் கீழ முன் எலும்புல ஒரு இடத்துல விரல் வெச்சா உயிர் போற வலி, விரல் நுனி அகலத்துக்கு அந்த ஒரே இடம்தான். எம்ஆர்ஐல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்னு சொன்னாங்க. மூணு மாசம் ஓட்டம் கிடையாது.

என் எடை அப்பவும் 51 கிலோ, யாரும் பார்த்து ஒல்லின்னு சொல்ல மாட்டாங்க. அதான் யாருக்கும் தோணலை.

உணவுக்கணக்கு

மெரினா, நீங்க இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றி. ஓடி எரிச்சது போக உடம்பு தன் வேலையைப் பார்க்க மிச்சமே இல்லாமப் போனா அது முதல்ல நிறுத்தறது மாதவிடாயைத்தான், ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதும் எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வெச்சு எச்சரிக்கை குடுத்திருக்கு, ஆம்பளைங்களுக்கும் வரும், அவங்களுக்கு அடையாளம் இவ்வளவு வெளிப்படையாத் தெரியாது, அதனால இன்னும் லேட்டா கண்டுபிடிப்பாங்க.

ஓடறதால பீரியட்ஸ் நிக்கறது சாதாரணம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. மூணு மாசம் வரலைன்னா டாக்டர்கிட்ட போகணும், தைராய்டு, கர்ப்பம்னு மத்த காரணங்களையும் பார்த்துடணும். பொண்ணுங்களுக்கு பாஸ்டிங்கே கூடாதுன்னும் நான் சொல்ல மாட்டேன், வெயிட் தூக்கற பெண்களை வெச்சு 2019ல பண்ண ஆய்வுல 12-8 விண்டோலயே தசை நல்லா ஏறிச்சு, ஆனா அவங்களுக்குப் புரோட்டீன் பார்த்துப் பார்த்துக் குடுத்தாங்க. தினமும் நீண்ட தூரம் ஓடறது, எடை ஏற்கெனவே சரியா இருக்கறது, இந்த ரெண்டும் சேர்ந்தா நான் பாஸ்டிங் எழுதிக் குடுக்கவே மாட்டேன்.

நெல்லை லிஃப்டர்

ஸலாம் எல்லாருக்கும். நான் மேலப்பாளையம், பவர்லிஃப்டிங் பண்றேன், எங்களுக்கு நோன்பு மாசம் முழுக்க பகல்ல தண்ணி கூட கிடையாது, அதனால 16:8ஓட ஒப்பிட முடியாது. ஆனா நேரம் பத்தி நான் கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு. முதல் ரெண்டு வருஷம் அசருக்கு அப்புறம், நோன்பு தொறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பண்ணேன், தலைவலி, ரெப் எல்லாம் பாதி. இப்ப பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, கொஞ்சம் கறி, அப்புறம் தராவீஹ் தொழுகை முடிச்சு ராத்திரி பத்து மணிக்கு ஜிம். கம்பில வெயிட்டைக் குறைக்க மாட்டேன், செட்டைத்தான் பாதியாக்குவேன், அஞ்சு செட் ஸ்குவாட் ரெண்டு செட் ஆயிரும். விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுல நாலு முட்டை, தயிர், ஓட்ஸ். போன ரெண்டு வருஷமும் பெருநாளுக்கு அப்புறம் பத்து நாள்ல பழைய நம்பருக்கு வந்துட்டேன். தூக்கம்தான் அடி வாங்கும், அதுக்கு எனக்கு வழி கிடைக்கலை.

காலை5மணி அண்ணனுக்கு நான் சொல்றது, விண்டோவை விடுங்க, ஜிம்மை சாயங்காலத்துக்கு மாத்த முடியுமான்னு பாருங்க.

காலை5மணி

பாய், சாயங்காலம் ஜிம்ல கூட்டம் தாங்காது, ஸ்குவாட் ரேக்குக்கு அரை மணி நேரம் நிக்கணும், அதுவும் போக ஆறரைக்கு பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும். ஜிம் காலைலதான்.

அக்கா, அப்ப காலைல சாப்பிட்டா ராத்திரி எப்ப நிறுத்தறது? பத்து மணி மிக்சர் திரும்ப வந்துருமோன்னுதான் பயமே.

உணவுக்கணக்கு

உங்க கிட்ட பாஸ்டிங் உண்மையா பண்ண வேலையே அந்த மிக்சரை நிறுத்தினதுதான். அந்தப் பலனை விட வேண்டாம், விண்டோவை மட்டும் முன்னாடி தள்ளுவோம். சீனாவுல குவாங்சோவுல 139 பருமனானவங்களை ஒரு வருஷம் பார்த்து 2022ல வெளியிட்டாங்க, ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே கலோரி, ஒரு கூட்டத்துக்கு மட்டும் காலை 8ல இருந்து மாலை 4 வரைக்கும்தான் சாப்பாடு. ரெண்டு கூட்டமும் குறைஞ்சாங்க, நடுவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்லை. கடிகாரம் உங்களுக்கு கலோரியைக் குறைக்க உதவுதா இல்லையான்றதுதான் விஷயம், உங்களுக்கு உதவியிருக்கு.

காலை 7:15க்கு ஜிம் விட்டதும் முட்டை 4, பால் ஒரு டம்ளர், இட்லி 3. அது 38 கிராம். மதியம் 12:45க்கு சாதம் ஒரு கப்பா குறைச்சு, சாம்பார், பொரியல், தயிர், கூட பனீர் 100 கிராம் இல்ல அதே அளவு புரோட்டீன் வர்ற மாதிரி சிக்கன், 32 கிராம் வரும். நாலு மணிக்கு கடலைக்குப் பதிலா வே புரோட்டீன் ஒரு ஸ்கூப், 24. சாயங்காலம் 6:15க்கு வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தி 2, சோயா சங்க்ஸ் காய்ஞ்ச எடையில 40 கிராம் குருமாவுல, 26. மொத்தம் 120. அதுக்கப்புறம் சமையல்கட்டு மூடியாச்சு. ராத்திரி 13 மணி நேரம் பாஸ்டிங் கிடைக்குது.

முதல் ரெண்டு வாரம் 100 கிலோ ஸ்குவாட்டைத் தொடாதீங்க, இப்ப இருக்கற 90லயே நில்லுங்க, மூணாவது செட் என்ன ஆகுதுன்னு மட்டும் எழுதி வைங்க. பத்து நாள்ல பின் செட்டுங்க திரும்பிட்டா அது எரிபொருள் பிரச்சினை, தசை அவ்வளவு சீக்கிரம் வளராது. ஸ்குவாட் நாள்ல மட்டும் தலை சுத்தினா 5:20க்கு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு போங்க. தினமும் காலைல எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் எழுதுங்க, ஒரு நாள் எடையைப் பார்த்து பயப்படாதீங்க, சாப்பிடற நேரம் மாறுனாலே முதல் வாரம் ஒரு கிலோ கூடத் தெரியும். மறுபடி கண்ணு இருட்டினா பிபியும் ஹீமோகுளோபினும் பார்த்துடுங்க, எல்லாத்தையும் சாப்பாட்டு மேல போட வேண்டாம்.

விண்டோ18

அஞ்சரைக்கு வாழைப்பழம், ஆறேகாலுக்கு கடைசி சாப்பாடுன்னா 13 மணி நேரம் சாப்பிடறாரு. இதுக்கு எதுக்கு பாஸ்டிங்னு பேரு?

உணவுக்கணக்கு

அந்தப் பேரை நானும் புடிச்சுட்டு நிக்கலை. ஸ்குவாட் நாள்ல அவருக்கு 11 மணி நேரம் பாஸ்டிங், மத்த நாள்ல 13. ராத்திரி சீக்கிரம் நிறுத்தறது சர்க்கரை விஷயத்துல நல்லதுன்னு 2018ல ஒரு சின்ன ஆய்வு இருக்கு, நீரிழிவுக்கு முந்தின நிலையில இருந்த சில ஆம்பளைங்க, மாலை 3க்குள்ள சாப்பாட்டை முடிச்சாங்க, எடை குறையாமலே இன்சுலின் நல்லா வேலை செஞ்சுது. ஆனா நம்ம வீடுகள்ல மூணு மணிக்கு அடுப்பை அணைக்கச் சொல்ல முடியாது, அதனால நான் அதைப் பெருசா வற்புறுத்தறதில்லை.

ஹாஸ்டல் பையன்

அக்கா எனக்கு 19 வயசு, 54 கிலோ, உயரம் 175. உடம்பு ஏத்தணும்னு ஜிம் போறேன். ரீல்ஸ்ல 16:8 பண்ணா குரோத் ஹார்மோன் ஏறி மசில் வரும்னு சொல்றாங்க, ரெண்டு மாசமா பண்றேன், ஹாஸ்டல்ல காலை டிபனும் மிஸ் ஆயிருது. எடை ஏறவே இல்லை.

பழைய பயில்வான்

தம்பி, நாளைக்குக் காலைல இருந்து மெஸ்ஸுல போய் பொங்கல் சாப்பிடுடா. உன் வயசுல நான் காலை டிபன் சாப்பிடாததாலதான் 25 வயசு வரைக்கும் 58 கிலோவுல இருந்தேன்னு இப்ப தோணுது. எனக்கு ஒத்துக்கிட்டது இப்ப, இந்த உடம்புக்கு. உனக்கு இல்ல.

உணவுக்கணக்கு

அண்ணன் சொன்னதேதான் தம்பி. பாஸ்டிங்ல குரோத் ஹார்மோன் ஏறுது, ஆனா அது அந்த நேரத்துல கொழுப்பைக் கரைச்சு வெளிய எடுக்கத்தான், சாப்பாடு இல்லாம அது தசையைக் கட்டாது. 54 கிலோல உனக்கு வேண்டியது ஒரு நாளைக்கு நாலு தடவை சாப்பாடு. மெஸ்ஸுல முட்டை இல்லாத நாள் கடைல பால் அரை லிட்டர் வாங்கி வெச்சுக்கோ, 16 கிராம் புரோட்டீன், சில்லறைக்குள்ள முடிஞ்சிரும்.

காலை5மணி

ஏழு வாரம் கழிச்சு வர்றேன், சொன்னபடி எழுதி வெச்சதை அப்படியே போடறேன்.

முதல் வாரம் சராசரி 76.7, ஏறிருச்சுன்னு பயந்துட்டேன், அக்கா சொன்னதை ஞாபகம் வெச்சு விட்டுட்டேன். இப்ப வாரச் சராசரி 74.3. இடுப்பு 35.5. ஒன்பதாவது நாள் பெஞ்ச்ல மூணாவது செட் 67.5 முழுசா 5 வந்துச்சு, அதுக்கு முன்னாடி அது 3ல நிக்கும். அது வரைக்கும் மசில் எல்லாம் போயிருச்சுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். ஆனா 75 கிலோ 5 ரெப் திரும்ப வர ஆறு வாரம் ஆச்சு, போன வெள்ளிக்கிழமைதான் போட்டேன். ஸ்குவாட் 97.5ல இருக்கேன். வாழைப்பழம் ஸ்குவாட் நாள்ல சாப்பிடறேன், அது இல்லாம ரெண்டு தடவை போனேன், ரெண்டாவது செட்லயே காலு பழைய மாதிரி ஆயிருச்சு. பெஞ்ச் நாள்ல அது இல்லாமலே சரியாத்தான் இருக்கு. பிபி, ஹீமோகுளோபின் ரெண்டும் பார்த்தேன், நார்மல்.

கஷ்டம் ரெண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு வயிறு கூப்பிடுது. ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுல எட்டு மணிக்குதான் பிரியாணி, அதை விட முடியலை.

உணவுக்கணக்கு

மூணாவது செட் ஒன்பது நாள்ல, 75 ஆறு வாரத்துல. அப்ப முதல்ல எரிபொருள், கூடவே கொஞ்சம் தசையும் போயிருந்திருக்கு, அது இப்பதான் திரும்பியிருக்கு.

ஞாயிறு பிரியாணியை நிம்மதியா சாப்பிடுங்க, திங்கள் காலை டிபனை மட்டும் வழக்கம் போல அதே நேரத்துல சாப்பிடுங்க, பிரியாணிக்கு ஈடுன்னு மதியம் வரைக்கும் பட்டினி இருக்காதீங்க. ஒன்பதரைப் பசிக்கு 6:15 சாப்பாட்டுல காயை ரெண்டு பங்காக்கிப் பாருங்க, வெள்ளரி, கீரை, முட்டைக்கோஸ் எதுவா இருந்தாலும் சரி. அதுவும் ஆகலைன்னா நாலு மணி வேயை எடுத்து ராத்திரி எட்டுக்கு தண்ணில கலந்து குடிச்சுட்டுத் தூங்கப் போங்க, விண்டோ ரெண்டு மணி நேரம் நீளும், உங்களுக்கு அது பரவாயில்லை.

விண்டோ18

நான் 18:6லயேதான் இருப்பேன், எனக்கு அது சுலபமா இருக்கு. ஆனா இந்த இழையைப் படிச்சுட்டு ஒரு வாரம் சாப்பாட்டை எழுதிப் பார்த்தேன், 130னு நினைச்சுட்டு இருந்தது 95 தான் வருது. நாளைல இருந்து சோயா.

நெல்லை லிஃப்டர்

அக்கா, சஹருக்கு அப்புறம் படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது, அதுக்கு ஏதாவது சொல்லுங்க, நோன்பு வர்றதுக்கு முன்னாடி பழகிக்கறேன்.